வைப்புமுறையும் வாதமும்: பரிமேலழகர் உரையில் அதிகார இயைபும் இன்றைய ஆய்வுரையின் பத்தி இணைப்பும்

முன்னுரை

நீண்ட வாதம் ஒன்றைப் படிப்பவர் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் தமக்குள் எழுப்பும் வினா ஒன்றே: இது ஏன் இப்போது சொல்லப்படுகிறது? அதற்கு விடை கிடைக்கும்வரை அவர் முழு மனத்தோடு படிப்பதில்லை. விடை தர வேண்டிய ஆசிரியர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றை நாடுகிறார். ஒன்று, முந்தைய பத்தியில் கூறியதையே சுருக்கி மீண்டும் கூறுதல். மற்றொன்று, 'மேலும்', 'அடுத்து', 'இனி' என்னும் சொற்களுள் ஒன்றை இட்டு அப்பால் நகர்தல். முன்னது வாசகரைச் சலிப்படையச் செய்கிறது. பின்னது எதனையும் விளக்குவதில்லை.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாம் வழியைத் தமிழ் உரைமரபு தொடர்ச்சியாகக் கையாண்டுள்ளது. திருக்குறளின் பழைய உரையாசிரியர் பதின்மருள் ஒருவரான பரிமேலழகர், ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் அதன் பொருளை வரையறுத்து, அது முந்தைய அதிகாரத்தின் பின் வைக்கப்பட்டதன் காரணத்தையும் சொல்கிறார். இதனை 'அதிகார முறைமை' என்பது உரை வழக்கு. பெரும்பாலும் இரண்டு மூன்று தொடர்களில் அடங்கிவிடும் இக்குறிப்புகள், 133 அதிகாரங்களை ஒரே நெடிய வாதமாகப் படிக்க வைக்கின்றன. இல்லறவியலின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இக்குறிப்புகள் எவ்வாறு செயற்படுகின்றன, எங்கே வலுவிழக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

உத்திகளுள் இரண்டு

வாசகருக்கு வழிகாட்டும் கூற்று தமிழுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்னும் எண்ணம், ஆங்கில வழியில் ஆய்வு பயின்ற புலம்பெயர் மாணவரிடையே காணப்படுவதுண்டு. தொல்காப்பிய மரபியல் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'மொழிவாம் என்றல்', 'கூறிற்று என்றல்' என இரண்டு உள்ளன. நன்னூல் இவற்றையே 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என வழங்கும். முதலாவது, வரவிருக்கும் பொருளைச் சுட்டி வாசகரைக் காத்திருக்கச் செய்வது. இரண்டாவது, முன்னர் முடிந்த பொருளைச் சுட்டி அதனை மீண்டும் விரிக்காமல் விடுவது.

இவ்விரண்டும் உத்திகளாக வகுக்கப்பட்டிருப்பதைக் கருத வேண்டும். நூற்குற்றங்களை எண்ணும் நன்னூல், 'கூறியது கூறல்' என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. ஆகவே 'உரைத்தாம் என்றல்' செய்வது, கூறியது கூறலாகிய குற்றத்தில் வீழாமல் முன்கூறியதைப் பயன்கொள்ளுதல். பொருளைச் சுட்டுதல் வேறு, பொருளை மீண்டும் உரைத்தல் வேறு என்னும் தெளிவு இவ்விலக்கணத்தில் அடங்கியுள்ளது.

சுட்டுவதிலும் தமிழுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. 'மேல்' என்னும் சொல் 'மேற்கூறிய' என்ற இடத்தில் கடந்ததையும், 'இனிமேல்' என்ற இடத்தில் வருவதையும் குறிக்கும். 'முன்' என்பதும் அவ்வாறே. 'முன் சொன்னது' கடந்தது. புணர்ச்சி இலக்கணத்தில் 'உயிர்முன் வல்லினம்' என்னும்போது அது உயிரை அடுத்து வருவது. இடச்சொல் தனித்து நின்று திசையைக் காட்டாமையால், வினையின் காலமே அதனைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. இருபது பக்கங்களுக்கு முன் கூறியதொன்றை 'மேற்கண்ட கருத்து' என்று சுட்டும் ஆய்வாளர், வாசகரிடம் இடத்தைச் சொல்கிறாரேயன்றிப் பொருளைச் சொல்வதில்லை. பரிமேலழகரின் குறிப்புகள் இவ்விடரிலிருந்து பெரிதும் விலகி நிற்கின்றன. முந்தைய அதிகாரத்தை அவர் பெயரால் சுட்டுகிறார். அதன் பொருளில் எப்பகுதி அடுத்ததற்கு வேண்டுமோ அதனை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

நன்றியின் பின் நடுவுநிலைமை

அன்புடைமை எட்டாம் அதிகாரம். அதற்கு முன் வாழ்க்கைத் துணையும் மக்களும் பேசப்பட்டுள்ளனர். அன்பு என்பது அத்தகைய தொடர்புடையார்மேல் கொள்ளும் காதல் என்று வரையறுக்கும் பரிமேலழகர், இல்லறம் இனிது நடப்பதும் பிற உயிர்கள்மேல் அருள் பிறப்பதும் அதன் பயன்கள் என்கிறார். முதற்பயன் பின்னோக்கி இல்லத்தைப் பார்க்கிறது. இரண்டாம் பயன் முன்னோக்கித் துறவறத்தைப் பார்க்கிறது. நன்னூலார் சூத்திர நிலைகளுள் ஒன்றாகக் கூறும் அரிமா நோக்கிற்கு இதனை ஒப்பிடலாம்.

அடுத்துவரும் விருந்தோம்பல், அன்புடைய இருவர் ஒன்றுபட்டாலன்றிச் செய்ய இயலாதது. ஆகவே அன்பின் பின் நிற்கிறது. இனிய சொல் இன்றி விருந்தோம்பல் நிறைவுறாது. ஆகவே இனியவை கூறல் அதன் பின் வருகிறது. இவ்விரு காரணங்களும் ஒன்றுபோலத் தோன்றினும் திசையில் வேறுபட்டவை. முதலாவதில் முன்னுள்ளது பின்னுள்ளதற்கு அடிப்படை. இரண்டாவதில் பின்னுள்ளது முன்னுள்ளதன் தேவையை நிறைவு செய்வது. இரண்டிற்கும் 'மேலும்' என்ற ஒரே சொல்லை இட்டிருப்பின் இவ்வேறுபாடு மறைந்திருக்கும்.

பதினோராம் அதிகாரமான செய்ந்நன்றி அறிதலிலிருந்து பன்னிரண்டாம் அதிகாரமான நடுவுநிலைமைக்குச் செல்லுமிடம் இவ்வரிசையில் மிகச் சிறந்தது. நன்றியறிதல், நடுவுநிலைமை என்னும் இரண்டும் நற்பண்புகள். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்று கூறிவிட்டுச் செல்லுதல் எளிது. பரிமேலழகர் அவ்வாறு செய்யவில்லை. பகைவர், நண்பர், இருபாலும் சாராத அயலார் ஆகிய மூவரிடத்தும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்றலே நடுவுநிலைமை என்று முதலில் வரையறுக்கிறார். பின்னர் ஒரு தடையை எழுப்புகிறார்: ஒருவர் செய்த நன்றியை நினைக்குமிடத்து அந்நடுவுநிலைமை சிதையுமன்றோ? அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதை உணர்த்தவே இவ்வதிகாரம் நன்றியறிதலின் பின் வைக்கப்பட்டது என்று முடிக்கிறார்.

இக்குறிப்பால் நிகழ்வது யாது? முந்தைய அதிகாரம் வாசகரின் மனத்தில் ஏற்படுத்திய உறுதியே இப்போது இடராக மாறுகிறது. நன்றியை மறத்தல் உய்தியில்லாக் குற்றம் என்று சற்று முன்னர் ஏற்றுக்கொண்டவர், அந்நன்றிக்காக ஒருபால் சாய்வது சரியா என்னும் வினாவைச் சந்திக்கிறார். இனி நடுவுநிலைமை பற்றிய பத்துக் குறள்களையும் அவர் அவ்வினாவுடனேயே படிப்பார். முந்தைய அதிகாரம் மீண்டும் கூறப்படவில்லை. அதன் விளைவு மட்டும் பயன்படுத்தப்பட்டது. திரும்பக் கூறாமல் தொடர்புபடுத்துதல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

பதினைந்தாம் அதிகாரமான பிறனில் விழையாமையிலிருந்து பொறையுடைமைக்குச் செல்லுமிடமும் இதன் உறவுடையது. நெறி நீங்கிய செயல்களைச் செய்தாரையும் பொறுக்க வேண்டும் என்பதே அங்குக் காரணம். பொறுத்தல் நன்று என்பதை எவரும் எளிதில் ஏற்பர். பிறன் இல்லாளை விழைந்தவனின் குற்றத்தை இப்போதுதான் படித்து முடித்த வாசகருக்கு அது எளிதன்று. கடினமான இடத்தின் அருகில் வைப்பதால் பொறையின் எல்லை அளந்து காட்டப்படுகிறது. அங்கும் இங்கும் இணைப்பு உடன்பாட்டைத் தேடாமல் இறுக்கத்தைத் தேடிச் செல்கிறது.

நெடுந்தொலைவு இணைப்பு

அடுத்தடுத்த கண்ணிகள் உறுதியாக இருந்தாலும் நீண்ட வாதத்தில் வாசகர் வழி தவறக்கூடும். பத்துப் பத்திகளைக் கடந்தபின், ஒவ்வோர் அடியும் தெளிவாக இருந்தும் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு மங்கிவிடும். இதற்குப் பலரும் செய்வது, இடையில் நிறுத்தி அதுவரை கூறியவற்றைத் தொகுத்துரைத்தல். பரிமேலழகர் வேறொரு வழியைக் காட்டுகிறார்.

அடக்கமுடைமையின் தலைப்பில் அவர் மெய், மொழி, மனம் என்னும் மூன்றையும் பெயரிட்டு, இவை தீநெறியில் செல்லாது அடங்குதலே அடக்கம் என்கிறார். அவ்விடத்தில் இம்மூன்றும் வரையறையின் உறுப்புகளே. வரவிருக்கும் பகுப்பு என்னும் அறிவிப்பு ஏதும் இல்லை. நான்கு அதிகாரங்கள் கழித்து அழுக்காறாமை வருகிறது. பொறாமை பொறைக்கு மறுதலையாதலின் பொறையின் பின் வந்தது என்பது காரணம். பிறர் உடைமையைக் கண்டு பொறாமை கொள்வதோடு அமையாமல் அதனைக் கவரக் கருதுவதும் குற்றம் என்பதற்காக வெஃகாமை தொடர்கிறது. இவை இரண்டும் மனத்தில் நிகழ்பவை. மொழியின் குற்றம் மனத்தின் குற்றத்தை அடியாகக்கொண்டு பிறப்பதால் புறங்கூறாமை அவ்விரண்டின் பின் நிற்கிறது என்னும்போது பழைய பகுப்பு மீண்டும் தலைகாட்டுகிறது. பயனில சொல்லாமையும் மொழியைச் சார்ந்தது. தீவினையச்சத்திற்கு வரும்போது, மெய்யின்கண் நிகழும் பாவங்களை எல்லாம் இது தொகுத்து விலக்குகிறது என்கிறார்.

மனம், மொழி, மெய் என்று வரிசை இவ்வாறு நிறைவுறுகிறது. தொகுப்புரை எதுவும் எழுதப்படவில்லை. தீவினையச்சத்தின் தலைப்பில் 'மெய்' என்னும் ஒரு சொல் வந்தவுடன், ஒன்பது அதிகாரங்கள் ஒரு கட்டமைப்பிற்குள் அமைந்திருப்பதைக் கவனமுள்ள வாசகர் உணர்கிறார். இவ்வுத்தியின் வலிமை சொல்லின் நிலைபேற்றில் உள்ளது. முதலில் 'மெய்' என்றவர் பின்னர் 'உடல்' என்றோ 'யாக்கை' என்றோ மாற்றியிருப்பின் இத்தொடர்பு அறுந்திருக்கும். ஒரே சொல்லைத் திரும்ப ஆளுதல் நடைக்குக் குறை என்று கருதி, ஒரு கருத்திற்குப் பத்திதோறும் புதுச்சொல் தேடும் ஆய்வாளர் தம் வாதத்தின் நூலைத் தாமே அறுத்துக்கொள்கிறார். கருத்தை மீண்டும் கூறுதல் குற்றம். கலைச்சொல்லை மாறாமல் ஆளுதல் கடமை.

தளர்ந்த கண்ணிகள்

பரிமேலழகரின் எல்லா இணைப்புகளும் ஒரே வலிமையுடையன அல்ல. அவற்றை மதிப்பிட எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் இணைப்புக்கு அவர் தரும் காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த அதிகாரத்தின் இடத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். காரணம் அப்போதும் பொருந்துமாயின் அது இருவேறு பொருள்களுக்கும் பொதுவானது. இவ்விடத்திற்கே உரிய காரணம் ஆகாது.

நன்றியறிதலின் பின் நடுவுநிலைமை என்னுமிடத்தில் இச்சோதனை செல்லாது. நன்றியை நினைக்குமிடத்துச் சிதையக்கூடியது என்னும் காரணம் பயனில சொல்லாமைக்கோ ஒப்புரவறிதலுக்கோ பொருந்தாது. ஒழுக்கமுடைமையின் பின் பிறனில் விழையாமை என்னுமிடத்திலோ நிலைமை வேறு. ஒழுக்கமுடையாரிடத்தே நிகழ்வது ஆகலின் அதன் பின் வைக்கப்பட்டது என்பதே அங்குக் கூறப்படும் காரணம். புறங்கூறாமையும் ஒழுக்கமுடையாரிடத்தே நிகழ்வதுதான், வெஃகாமையும் அவ்வாறே. அவற்றுள் எதனை அவ்விடத்தில் வைப்பினும் இத்தொடர் மாறாமல் நிற்கும். வரிசை முன்னரே முடிவாகியிருக்க, அதற்கு ஒரு காரணம் தேடி அளிக்கப்பட்டதாகவே இக்குறிப்பு தோன்றுகிறது.

உரையாசிரியருக்கு இந்நெருக்கடி இயல்பானது. அவர் தாம் வகுக்காத வரிசையை விளக்குகிறார். குறள் வைப்புமுறையில் பழைய உரைகள் தம்முள் வேறுபடுவதே, காணும் ஒழுங்கு முழுவதும் மூலத்துடையது என்று கொள்வதற்குத் தடையாகும். தம் பத்திகளைத் தாமே வரிசைப்படுத்தும் ஆய்வாளருக்கு இந்நெருக்கடி இல்லை. தளர்ந்த கண்ணி ஒன்றைக் கண்டவர் இணைப்புத் தொடரை மெருகேற்றுவதில் பயனில்லை. பத்தியை இடம் மாற்றுவதே வழி. பொருந்தும் இடம் எங்கும் இல்லையாயின், அப்பத்தி அவ்வாதத்திற்கு உரியதன்று.

இதனினும் கவனிக்கத்தக்க இடர் ஒழுக்கமுடைமையின் தலைப்பில் உள்ளது. அடங்கியவர்க்கு அல்லாமல் ஒழுக்கம் முடியாது என்னும் இணைப்பு வலுவானதே. ஆயின் அவ்விணைப்பின் முன், ஒழுக்கம் என்பது தத்தம் வருணத்திற்கும் நிலைக்கும் ஓதப்பட்டது என்னும் வரையறை வைக்கப்படுகிறது. வருணம் என்னும் கொள்கை அதற்கு முந்தைய அடக்கமுடைமையின் விளக்கத்தில் நிறுவப்பட்டதன்று. அடக்கத்திலிருந்து ஒழுக்கத்திற்குச் செல்லும் படி வாசகருக்கு ஏற்புடையதாக இருப்பதால், அப்படியின் மீதே ஏற்றி அனுப்பப்பட்ட வரையறையையும் அவர் வினவாமல் ஏற்க நேர்கிறது. பிற்காலத் திறனாய்வாளர் பலர் இவ்விடத்தை மறுத்தமைக்குக் கொள்கை மாறுபாடு காரணமாயினும், வாத முறையிலும் அம்மறுப்பிற்கு இடமுண்டு. இணைப்புத் தொடர் ஏற்கெனவே நிறுவப்பட்டதை எடுத்துச் செல்லலாம். நிறுவப்படாத ஒன்றைப் புகுத்துதல் ஆகாது. வாசகரின் விழிப்பு தளர்ந்திருக்கும் இடமாதலின், அங்குப் புகுந்த கருத்து எளிதில் கண்டறியப்படுவதில்லை.

ஒரு சான்று

இவ்வளவைகள் இன்றைய ஆய்வுரைக்குப் பொருந்துமாற்றைச் சிறு எடுத்துக்காட்டால் காணலாம். மலேசியத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பற்றிய கட்டுரை ஒன்றில் மூன்று பத்திகள் உள்ளன என்று கொள்வோமாக. முதற்பத்தி, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின்மீது சுமத்தியதைக் கூறுகிறது. இரண்டாம் பத்தி, பள்ளிகள் பல மிகச் சிறியனவாக இருந்ததைக் கூறுகிறது. மூன்றாம் பத்தி, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வேறு பயனுக்கு மாற்றப்பட்டும் குடும்பங்கள் நகரம் சென்றபோது பள்ளிகள் மாணவரை இழந்ததைக் கூறுகிறது.

வழக்கமான வரைவில் இரண்டாம் பத்தி, 'மேலும், தோட்டப் பள்ளிகள் சிறியனவாக இருந்தன' என்று தொடங்கும். மூன்றாவது, 'மேற்கண்டவாறு சட்டத்தால் தோன்றிச் சிறியனவாக இயங்கிய இப்பள்ளிகள் பிற்காலத்தில் பல சிக்கல்களைச் சந்தித்தன' என்று தொடங்கும். முதலாவது காரணம் கூறவில்லை. இரண்டாவது, முன் கூறியவற்றைத் திரும்பக் கூறியும் காரணம் கூறவில்லை. 'பல சிக்கல்கள்' என்பது எத்தலைப்பிற்கும் பொருந்தும். மாற்றுச் சோதனையில் இத்தொடர் உடனே தோற்றுவிடும்.

இரண்டாம் பத்தியை இவ்வாறு தொடங்கலாம்: 'பள்ளி அமைக்கும் கடமை ஒவ்வொரு தோட்டத்தின்மீதும் தனித்தனியே சுமத்தப்பட்டமையால், பள்ளியின் அளவையும் அத்தோட்டத்தின் பிள்ளைகள் தொகையே வரையறுத்தது.' சட்டம் இங்கு மீண்டும் விவரிக்கப்படவில்லை. அதன் ஒரு கூறு மட்டும் காரணமாக எடுக்கப்பட்டது. மூன்றாம் பத்திக்கு இது போதும்: 'தோட்டத்தின் அளவிலேயே அமைந்த பள்ளி, தோட்டம் கலைந்தபோது தன் மாணவரை வேறெங்கிருந்தும் பெற வழியற்றிருந்தது.' 'தோட்டம்', 'அளவு' என்னும் இரு சொற்களும் மாறாமல் மூன்று பத்திகளையும் கோக்கின்றன. இப்போது பத்திகளின் வரிசையை மாற்றினால் வாதம் சிதையும். அச்சிதைவே இணைப்பு உண்மையானது என்பதற்கு அடையாளம்.

இத்திருத்தம் எழுதுவோர்க்கும் ஒன்றை வெளிப்படுத்துகிறது. 'மேலும்' நின்ற இடத்தில் காரணத்தை எழுத முற்பட்டபோதே, பள்ளிகள் சிறியனவாக இருந்தமைக்கும் சட்டம் கடமையைப் பகிர்ந்த முறைக்கும் உள்ள உறவு கூற்றாக வடிவம் பெற்றது. கூற்றாக எழுதப்பட்டதைச் சான்றுகொண்டு சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். சிறிய பள்ளிகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறை போன்ற வேறு காரணமும் உண்டு என ஒருவர் காட்டுவாராயின், எத்தொடரைத் திருத்த வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

முடிவுரை

பரிமேலழகரின் அதிகார முறைமைக் குறிப்புகளைக் கொள்கை நோக்கில் மதிப்பிட்ட ஆய்வுகளுக்கு இணையாக, அவற்றை வாத நோக்கிலும் மதிப்பிட இடமுண்டு. முந்தையதன் விளைவை அடுத்ததன் வினாவாக்கும் இடத்தில் அவை சிறக்கின்றன. எதற்கும் பொருந்தும் காரணத்தைக் கூறும் இடத்தில் தளர்கின்றன. நிறுவாத வரையறையை ஏற்றிச் செல்லும் இடத்தில் வாசகரின் இசைவை மிகையாகக் கொள்கின்றன. இக்கட்டுரை இல்லறவியலின் ஒரு பகுதியளவில் நின்றது. பொருட்பாலின் எழுபது அதிகாரங்களில், அரசியல் அங்கவியல் என இயல் மாறும் எல்லைகளில், அவர் கூறும் காரணங்களை இதே சோதனைக்கு உட்படுத்துவது அடுத்து ஆற்றவேண்டிய பணியாகும். அங்குத் தளர்ந்த கண்ணிகள் மிகுதியாகக் காணப்படுமாயின், குறளின் வைப்புமுறை பற்றிய துணிபுகள் பலவற்றை மறுபரிசீலனை செய்ய நேரும்.